கிழமை தவறாத மேசை

புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் நிறுவனர்களையும், எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாகச் சேராமல் பலருக்கும் வேலை செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர்களையும் எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று கூட்டுப் பணியிடம். அதாவது, மேசை ஒன்றை நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வாடகைக்கு எடுத்து, இணையம், கூட்ட அறை, காபி இயந்திரம் ஆகியவற்றைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் அலுவலகம். பேச்சில் கோவொர்க்கிங் ஸ்பேஸ் என்றே வழங்குவது. மற்றொன்று இன்குபேட்டர், கல்லூரியோ அரசோ அறக்கட்டளையோ நடத்துவதும், தேர்ந்தெடுத்த சில புத்தொழில் நிறுவனங்களுக்கு இடம், ஆய்வகம், ஆலோசனை, சில வேளைகளில் தொடக்கப் பணம் ஆகியவற்றைக் கொடுத்து, காலே ஊன்றாத பருவத்தில் தாங்கிப் பிடிப்பதுமான அமைப்பு. இரு விடைகளும் சரியானவையே. ஆனால் முகவரியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதால், அந்த முகவரிக்கு ஒரு முறை போய், ஒருவரையும் அறியாமல் திரும்பி வருபவர்களே மிகுதியாக இருக்கிறார்கள்.

இடத்தைக் காட்டிலும் கிழமையே இதில் முதன்மையானது என்பதைத் தமிழ்நாட்டார் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. வாரச்சந்தை கூடும் ஊர்களில், வாங்குபவரும் விற்பவரும் தரகரும் ஒருவரையொருவர் தேடி அலையாமல் கண்டுகொள்வதற்குக் காரணம் திடல் அன்று. எந்த நாளில் திடலுக்குப் போனால் யார் இருப்பார்கள் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான். புதன்சந்தை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊர்ப்பெயரிலேயே கிழமை ஏறிக்கொள்ளும் அளவுக்கு அந்த அறிவு பொதுவானது. கூட்டுப் பணியிடத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், அதன் தொடக்கமும் கட்டடத்தில் இல்லாமல் கிழமையில்தான் இருந்தது என்பது புலப்படும்.

திங்களும் செவ்வாயும்

2005 ஆகஸ்டில், பிராட் நியூபெர்க் என்ற மென்பொருளாளர், சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் ஸ்பைரல் மியூஸ் என்னும் பெண்ணியக் கூட்டமைப்பு நடத்திவந்த வீட்டில், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் இடம் எடுத்தார். மாதம் 300 டாலர் வாடகை. நாள்கள் திங்களும் செவ்வாயும். தனியே வேலை செய்பவருக்குச் சுதந்திரம் உண்டு, அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத் துணை உண்டு, இரண்டும் ஒருவருக்கே கிடைக்கக் கூடாதா என்பதே அவரை உந்திய கேள்வி. காலையில் மேசைகளை விரித்து, மாலையில் மடித்து எடுத்து வைக்கும் அந்த ஏற்பாட்டில் முதல் மாதம் ஒருவரும் வந்து சேரவில்லை. அவர் நாளை மாற்றவுமில்லை, இடத்தைக் கைவிடவுமில்லை. அதன் பிறகே முதல் ஆள் வந்தார், பிறகு சிலர் வந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு நடந்து அது மூடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக ஹேட் ஃபேக்டரி என்ற இடமும் வேறு சில இடங்களும் தோன்றி, கோவொர்க்கிங் என்ற பெயரும் முறையும் உலகெங்கும் பரவின.

இந்தத் தொடக்கத்தில் பின்வந்தவர்கள் பெரும்பாலும் மறந்துவிட்ட செய்தி ஒன்று இருக்கிறது. நியூபெர்க்கின் இடத்தில் மேசைகளைப் போலவே பகல் உணவும் ஏற்பாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. அன்று வந்தவர்கள் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மேசையில் இருக்கும்போது வேலை, சாப்பாட்டில் பேச்சு என்று பொழுது பிரிந்திருந்ததால், எப்போது பேசலாம், எப்போது பேசக் கூடாது என்ற ஐயம் புதிதாக வருபவருக்கு எழவில்லை. இன்று பல இடங்களில் மேசையும் காபியும் இருந்தும் பேச்சு நிகழாமல் போவது, பேசுவதற்கென்று ஒரு பொழுது ஒதுக்கப்படாததால்தான்.

அதே 2005-இல், அமெரிக்காவின் மறுகரையில், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட ஒய் காம்பினேட்டரும் இதே வழியையே தேர்ந்தது. அது இன்குபேட்டரின் விரைவு வடிவமான ஆக்செலரேட்டர் வகையைச் சேர்ந்தது. அதாவது, சில மாதங்களுக்குள் முடிந்துவிடும் பயிற்சியும் சிறு முதலீடும் கொடுத்து, அதற்கு ஈடாகச் சிறு பங்கைப் பெற்றுக்கொள்வது. முதல் கோடையில் சேர்ந்த எட்டு நிறுவனங்களுக்கும் அது அலுவலக இடம் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் எல்லாரும் கூடும் இரவு உணவையும், அதற்கு வரும் விருந்தினர் ஒருவரின் பேச்சையும் கொடுத்தது. போன செவ்வாயிலிருந்து இந்தச் செவ்வாய்க்குள் என்ன செய்து முடித்தோம் என்பதைப் பக்கத்து இலைக்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே அந்த உணவின் பயன்.

வெளியாருக்கும் கதவு திறந்த எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், அதே கேம்பிரிட்ஜ் நகரின் கெண்டல் சதுக்கத்தில், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்த கேம்பிரிட்ஜ் இன்னவேஷன் சென்டரைப் பார்க்க வேண்டும். 1999-இல் டிம் ரோ தொடங்கிய அந்தக் கூட்டு அலுவலகத்தில்தான் ஆண்ட்ராய்டின் நிறுவனர்களுள் ஒருவரான ரிச் மைனரின் அலுவலகமும், ஹப்ஸ்பாட் நிறுவனமும் தம் தொடக்க நாள்களைக் கழித்தன. அங்கே உருவான வென்ச்சர் கஃபே என்ற ஏற்பாடு, வியாழக்கிழமை பிற்பகல் தோறும் கட்டடத்தின் ஒரு பகுதியை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி வந்து பேசக்கூடிய இடமாக மாற்றுகிறது. வாடகை கொடுப்பவர், கொடுக்காதவர் என்ற வேறுபாடு அன்று மட்டும் இல்லை. முதலீட்டாளரும் வழக்கறிஞரும் குறித்த நேரத்தில் ஒரு மேசையில் அமர்ந்திருக்க, முன்பதிவு செய்தவர்கள் அடுத்தடுத்து வந்து ஐயம் கேட்டுப் போகும் வழக்கமும் அங்கே உண்டு. ஆஃபீஸ் ஹவர்ஸ் எனப்படும் இந்த வழக்கம், இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்லப்போகும் முறைக்கு அடிப்படையாக அமைவதால் நினைவில் வைக்கத்தக்கது.

இருபது மீட்டர்

ஒரே கூரைக்கு அடியில் இருப்பதாலேயே மனிதர்கள் அறிமுகமாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு அளவு உண்டு. எம்.ஐ.டி.-யின் தாமஸ் ஆலன், ஆய்வகங்களில் வேலை செய்யும் பொறியாளர்கள் யார் யாருடன் எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பதிந்து, 1977-இல் வெளியிட்ட நூலில், இருவரின் மேசைகளுக்கு இடையிலான தொலைவு கூடக்கூட அவர்கள் பேசுவதற்கான வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது என்றும், சில பத்து மீட்டர்களைத் தாண்டிவிட்டால் ஏறத்தாழ அடிமட்டத்துக்கே வந்துவிடுகிறது என்றும் காட்டினார். ஆலன் வளைவு என்று பெயர்பெற்ற இந்தச் சரிவு, தொழில் ஒன்றாக இருப்பவர்களுக்கும் பொருந்துவதுதான் வியப்பு.

மரியா ரோச், அலெக்சாண்டர் ஓட்டில், கிறிஸ்டியன் கட்டாலினி ஆகிய மூவரும், அமெரிக்காவின் பெரிய தொழில்நுட்பக் கூட்டுப் பணியிடங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, இதே கேள்வியைப் புத்தொழில் நிறுவனங்களிடம் கேட்டார்கள். அறை காலியாவதைப் பொறுத்தே அங்கு இடம் ஒதுக்கப்பட்டதால், நண்பர்கள் நண்பர்களை நாடிப் பக்கத்தில் அமர்ந்தார்கள் என்ற ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. ஒரு நிறுவனம் தன் இணையதளத்தில் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தைப் பக்கத்து நிறுவனமும் எடுத்துக்கொள்கிறதா என்பதை அவர்கள் அளந்தபோது, ஏறத்தாழ 20 மீட்டருக்குள் இருந்தவர்களிடையே மட்டுமே அந்தத் தாக்கம் தென்பட்டது; அதற்கு மேல் தொலைவில் இருந்தவர்கள், ஒரே தளத்தில் இருந்தும், வேறு தளத்தில் இருந்தவர்களைப் போலவே இருந்தார்கள். இருவரின் அறைகளுக்கும் பொதுவாகச் சமையலறை போன்ற இடம் வாய்த்திருந்தால் மட்டும் அந்த எல்லை சற்று விரிந்தது.

எனவே, ஐந்து தளங்களும் ஐந்நூறு இருக்கைகளும் கொண்ட இடத்துக்குப் பணம் கட்டுகிறவர் உண்மையில் வாங்குவது, தம் நாற்காலியைச் சுற்றிய இருபது மீட்டர் வட்டத்தையும் ஒரு பான்ட்ரியையும்தான். பான்ட்ரி என்பது காபி போடவும் டிபன் பெட்டியைச் சூடாக்கவும் பயன்படும் சிறு சமையலறை. இருக்கையை அதன் வழியில், ஆனால் இரைச்சல் எட்டாத தொலைவில் தேர்ந்துகொள்வதும், சில வாரங்களுக்கு ஒருமுறை வட்டத்தை மாற்றி அமர்வதும் அற்பமாகத் தோன்றினாலும், இந்த அளவீடுகளைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் அண்மை கூடினால் பயனும் கூடிக்கொண்டே போகும் என்பதும் இல்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், மாசசூசெட்ஸின் நியூட்டன் நகரில் தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அந்நாளில் எவ்வளவு அடிக்கடி பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு, 1973-இல் விடையை வெளியிட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தவர் வழியாக வேலை பெற்றவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல், வாரத்துக்கு இரண்டு முறைக்குக் குறைவாகப் பார்த்தவர் வழியாகப் பெற்றவர்கள் 55.6 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் முன்பே தெரிந்ததாக இருக்க, சற்றே தள்ளி இருப்பவர்தான் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டு வருகிறார் என்பது அவர் கொடுத்த விளக்கம். வாரத்துக்கு ஒரு நாள் ஓரிடத்துக்குப் போய் வரும் வழக்கம், இந்தப் பெரிய நடுப்பகுதிக்குள்தான் விழுகிறது. நாள்தோறும் அதே நான்கு பேருடன் அதே மூலையில் அமர்பவருக்கு நட்பு கிடைக்கும், அது பெறற்கரியதே. ஆயினும் புதிய நிறுவனர்களைச் சந்திப்பது அவர் நோக்கமென்றால், அந்த மூலையே தடையாகிவிடும்.

எந்த இடம்

இந்தியப் பெருநகரங்களில் கூட்டுப் பணியிடம் என்ற பெயரில் இயங்குவனவற்றுள் கணிசமான பகுதி, உண்மையில் பெருநிறுவனங்களுக்காக மொத்தமாக விடப்படும் ஆயத்த அலுவலகங்கள். துறையினர் இவற்றை மேனேஜ்டு ஆஃபீஸ் என்பார்கள். நூறு, இருநூறு இருக்கைகளை ஒரே நிறுவனம் எடுத்துக்கொள்வதால் நடத்துபவருக்கு நிலையான வருமானம் கிடைக்கிறது. அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அங்கு வரும் ஊழியர் தம் நிறுவனத்தின் மேலாளருக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டவர். அவருக்குப் பக்கத்து மேசைக்காரரை அறிய வேண்டிய தேவை இல்லை. இந்த வேறுபாட்டை விளம்பரத்திலிருந்து அறிய இயலாது. அரை நாள் உட்கார்ந்தால் அறியலாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைகளின் நாடா பெரும்பாலும் ஒரே நிறமா, பகல் உணவுக்கு மக்கள் நிறுவனம் நிறுவனமாக எழுந்து போகிறார்களா, திறந்த வெளியில் முன்பதிவின்றி அமரக்கூடிய ஹாட் டெஸ்க் எனும் இருக்கைகள் கேபின்களுக்கு இடையே பேருக்கு நாலு மட்டும் போடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும். இன்னும் தெளிவான சோதனை, வரவேற்பில் இருக்கும் கம்யூனிட்டி மேனேஜரிடம், அதாவது உறுப்பினர்களைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரிடம், தனியாளாக வேலை செய்யும் உறுப்பினர் மூவர் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்பது. உடனே சொல்ல முடிந்தால் அங்கே அறிமுகம் செய்துவைக்க ஆள் இருக்கிறது. கணினியைத் திறந்து பட்டியலைத் தேடினால் அங்கே இருப்பது வாடகை வசூல் மட்டுமே.

இன்குபேட்டரின் நிலை நேர்மாறானது. அங்கே நிறுவனர்கள் உறுதியாக இருக்கிறார்கள். உள்ளே போவதுதான் அரிது. அந்தப் பெயர் 1959-இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா என்ற ஊரில் பிறந்தது. மூடப்பட்ட பெரிய தொழிற்சாலை ஒன்றைச் சிறு சிறு நிறுவனங்களுக்குப் பகுதி பகுதியாக வாடகைக்கு விட்ட ஜோசப் மன்குசோவின் கட்டடத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனமும் ஒரு வாடகைதாரராக இருந்தது. அதைப் பார்த்தே கட்டடம் முழுவதற்கும் இன்குபேட்டர் என்ற பெயர் வந்ததாக வரலாறு. அடைகாக்கும் இடத்துக்குள் நினைத்தபோது கையை நுழைக்க இயலாதுதான். சென்னை ஐ.ஐ.டி.-யின் இன்குபேஷன் செல் போன்றவை வளாகப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. யாரைப் பார்க்க வருகிறோம் என்ற பெயரில்லாமல் வாயிலைக் கடக்க முடியாது. உள்ளே இருப்பவர்களுக்குக் காப்புரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்காத கண்டுபிடிப்புகள் இருக்கலாம் என்பதால், இந்தத் தடையைக் குறை சொல்வதும் நியாயமாகாது.

ஆயினும் சந்திப்பைக் கட்டாயமாக்கும் விதிகளே இவ்வளாகங்களில் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. தரமணியில், பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முயற்சியில் அமைந்த ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் இடம் எடுக்கும் நிறுவனங்கள், வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. கூட்டு ஆராய்ச்சி, மாணவருக்குப் பயிற்சி போன்ற வழிகளில் கல்வி நிறுவனத்துடன் உறவு வைத்திருப்பதைக் கிரெடிட் என்னும் மதிப்பெண்களால் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் உறவு தானே வரும் என்று விட்டுவிடாமல், உறவையே ஒப்பந்தத்தில் எழுதிய அந்த ஏற்பாட்டின் தெளிவு பாராட்டத்தக்கது. வெளியாருக்கான வாயில், பெரும்பாலான இன்குபேட்டர்களில், புரோகிராம் மேனேஜர் எனப்படும் திட்ட மேலாளர்தான். தம்மிடம் சேர்ந்த நிறுவனங்களுக்கு ஆலோசகரையும் வேலை தெரிந்தவரையும் தேடிக் கொடுப்பது அவருடைய கடமையின் ஒரு பகுதி என்பதால், தெளிவாகக் கேட்பவரை அவர் தட்டிக்கழிப்பது குறைவு.

அவரிடம் எப்போது போவது என்பதற்கும் பருவம் உண்டு. இன்குபேட்டர்கள் பல, நிறுவனங்களைக் கோஹார்ட் எனும் அணிகளாகச் சேர்க்கின்றன. அணி சேர்ந்த தொடக்கத்தில் நிறுவனப் பதிவு, கணக்கு, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு ஆள் வேண்டியிருக்கும். அதன் பின் மாதிரி செய்யும் காலத்தில் வடிவமைப்பாளரும் நிரல் எழுதுபவரும் வேண்டும். முதலீட்டாளர் முன் நிறுவனங்கள் அணிவகுக்கும் டெமோ டே நெருங்கும்போது படம் எடுப்பவரும் விளக்கக்காட்சி அமைப்பவரும் வேண்டும். அந்த வாரத்தில் மற்ற எவரும் போய் நின்றால் தொந்தரவாகவே கொள்ளப்படுவார்கள்.

பன்னிரண்டு புதன்கிழமைகள்

இவையெல்லாம் நடைமுறையில் எப்படிப் பொருந்தும் என்பதைக் காண, சென்னையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் மின்சுற்றுப் பலகை வடிவமைப்பாளர் ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். பேச்சுவழக்கில் பிசிபி எனப்படும் பச்சை நிறப் பலகையில் எந்தச் சில்லு எங்கே அமர்வது, செம்புத் தடங்கள் எப்படி ஓடுவது என்பதை வரைந்து கொடுப்பது அவர் தொழில். அவருக்கு வேண்டியவர்கள், கருவி செய்யும் புத்தொழில் நிறுவனர்கள். வாரத்தில் புதன்கிழமையை ஒதுக்கி, பன்னிரண்டு வாரம் என்று அவர் எல்லை வகுத்துக்கொள்கிறார். ஒரு நாள் அனுமதியான டே பாஸுக்கு 500 ரூபாய் என்றும், அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்றும் வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு 590 ரூபாய். பன்னிரண்டு நாளுக்கு 7,080 ரூபாய். மாத உறுப்பினர் கட்டணம் இதைவிட மலிவு என்று விற்பனையாளர் கணக்குக் காட்டக்கூடும். ஆனால் அந்தக் கணக்கு நாள்தோறும் வருபவருக்கே பொருந்தும்.

முதல் இரண்டு புதன்களை அவர் இரண்டு வேறு இடங்களைச் சோதிக்கவே செலவிடுகிறார். பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய கட்டடத்தில் நாடாக்கள் ஒரே நிறமாக இருக்க, அதை விட்டுவிட்டு, முப்பது திறந்த இருக்கைகள் கொண்ட சிறிய இடம் ஒன்றைத் தேர்கிறார். அங்கே கருவி செய்பவர் எவரும் இல்லை என்பதை மூன்றாம் வாரத்திலேயே அறிந்துகொள்கிறார். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் இடத்தைக் கைவிடுகிறார்கள். அது அவசர முடிவு. அங்கே சில்லுகளுக்குள் இயங்கும் ஃபர்ம்வேர் எழுதும் ஃப்ரீலான்சர் ஒருவரும், கருவியின் வெளிக்கூட்டை வடிவமைக்கும் மற்றொருவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் ஒவ்வொரு வேலையிலும் பலகை வரைய ஒருவர் தேவை. அவர்கள் போட்டியாளர்கள் அல்லர், முன்னும் பின்னும் நிற்கும் கைகள். நிறுவனர்களைத் தேடிப் போகும் ஃப்ரீலான்சர்கள் பக்கத்திலிருக்கும் பிற ஃப்ரீலான்சர்களைக் கடந்து போய்விடுவது இத்துறையின் பெரிய இழப்புகளுள் ஒன்று. கருவி நிறுவனருக்கு வழி, பல வேளைகளில், அந்த ஃபர்ம்வேர்காரர் வழியாகவே திறக்கிறது.

நான்காம் வாரம் அவர் கருவி நிறுவனங்கள் இருக்கும் இன்குபேட்டரின் திட்ட மேலாளருக்குக் கடிதம் எழுதுகிறார். என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்ற பொதுவான வேண்டுகோள் இல்லை. புதன்கிழமை மூன்று மணி முதல் நான்கு மணி வரை, இன்குபேட்டரிலேயே ஒரு மேசையில், பலகையை உற்பத்திக்கு அனுப்பும் முன் யார் கொண்டு வந்தாலும், ஒருவருக்கு இருபது நிமிடம் என்று மூவருக்குக் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்லப்படும் என்பது மட்டுமே செய்தி. மாதிரிப் பலகை ஒன்றைச் செய்து வாங்கப் பொதுவாக ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும் என்பதால், பிழையோடு போன பலகை நிறுவனருக்குப் பணத்தைவிடக் காலத்தை இழக்கச் செய்கிறது. சில்லின் மின்வாயிலுக்கு ஒட்டி இருக்க வேண்டிய மின்தேக்கி தள்ளிப் போயிருத்தல், ஆன்டெனாவுக்குக் கீழே வெறுமையாக விட வேண்டிய இடத்தில் செம்பு பரவியிருத்தல், மோட்டாருக்குப் போகும் தடம் அதன் மின்னோட்டத்துக்குப் போதாத அளவு மெலிந்திருத்தல் ஆகிய மூன்றையும் பழகிய கண் இருபது நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிடும். பிழையைச் சுட்டுவது இலவசம், பலகையைத் திருத்தி வரைவது கட்டணப் பணி என்ற எல்லையை அவர் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறார். பின்னால் சொல்லப்போனால் அதுவே மனத்தாங்கலாகும்.

ஐந்தாம் புதன்கிழமை ஒருவரும் வருவதில்லை. ஆறாம் வாரம் ஒருவர், அதுவும் பலகை இல்லாமல், பேசிப் பார்க்க வருகிறார். எட்டாம் வாரத்தில் அவர் பலகையோடு திரும்பி வரும்போது கூடவே அடுத்த அறை நிறுவனரும் வருகிறார். இந்த மெதுவான ஏற்றத்துக்குக் காரணம் தயக்கம் அன்று. பலகை ஆயத்தமாகும் நாள் நிறுவனரின் கையில் இல்லை என்பதுதான். அது ஆயத்தமாகும் வாரத்தில் அவர் நினைவுக்கு வர வேண்டுமானால், வடிவமைப்பாளர் அதற்கு முந்திய வாரங்களிலும் அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு புதன்கள் வராமல் போனால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு புதன் மாலையும் அவர் குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதுகிறார்: சந்தித்தவர் என்ன செய்கிறார், எங்கே சிக்கி நிற்கிறார், அடுத்த படி எப்போது, யார் வழியாக அறிமுகம். பன்னிரண்டு வாரம் கழித்து அவர் முதலில் பார்க்க வேண்டியது கடைசிச் செய்தியை. எல்லாப் பெயர்களும் ஒரே ஆள் வழியாக வந்திருந்தால் வட்டம் இன்னும் விரியவில்லை என்று பொருள். இருக்கையையோ இடத்தையோ மாற்ற வேண்டும். சந்தித்த பத்துப் பேரில் எட்டுப் பேர் தமக்கு எதையோ விற்க வந்தவர்களாக இருந்தால், அந்த இடம் விற்பவர் மட்டுமே கூடி, வாங்குபவர் வராத சந்தையாகிவிட்டது என்று கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள்கள் கூடும் பெரிய நெட்வொர்க்கிங் நிகழ்ச்சிகளில் இந்நிலை மிகுதியாகக் காணப்படுகிறது.

பணம் பற்றிய எச்சரிக்கை ஒன்றும் இங்கே பொருந்தும். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் கீழ், அது 2021-இல் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, மாதிரி செய்து பார்ப்பதற்காக இன்குபேட்டர் வழியாகக் கிடைத்த மானியம் 20 லட்சம் ரூபாய் வரை இருந்தாலும், ஒரே முறையில் வராமல், குறித்த படிகளை முடித்த பிறகு தவணையாகவே வந்தது. இத்தகைய மானியத்தில் இயங்கும் நிறுவனர் ஒப்புக்கொண்ட கட்டணம் தாமதமாவதை நாணயக் குறைவாகக் கொள்ளும் முன், அடுத்த தவணை எந்தப் படியில் வருகிறது என்று கேட்டு, தம் கட்டணத்தின் தவணைகளையும் அதற்கேற்பப் பிரித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. நிறுவனர் ரகசிய உடன்படிக்கையில் கையெழுத்துக் கேட்டால் இடுவதும், கேட்காவிட்டாலும் அவர் பலகையைப் படமெடுக்காமல் இருப்பதும் அந்த வாயில் தொடர்ந்து திறந்திருப்பதற்கான விலை.

கூடும் நேரத்தைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சந்திப்புகளை மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிக்கும் பழக்கம், அந்த நேரத்தில் வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியவர்களையும், இரவில் தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ தனியே திரும்ப வேண்டிய பெண்களையும் ஓசையின்றி வெளியேற்றிவிடுகிறது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை என்பதால் இந்த விலக்கல் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. சென்னையின் பைத்தான் நிரலாளர்கள் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை என்று நாளைப் பல்லாண்டுகளாக நிலைநிறுத்தி வந்திருப்பதும், கெண்டல் சதுக்கத்தின் வியாழக்கிழமைக் கூட்டம் பிற்பகலிலேயே தொடங்கிவிடுவதும் கருதத்தக்கவை. பகல் உணவு வேளையைச் சந்திப்புக்கு எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு, இரவு உணவு கொடுக்கும் இடத்துக்கு வராத நிறுவனர்கள் வந்து சேர்கிறார்கள்.

பன்னிரண்டு வாரம் முடிந்தபின் அந்த வடிவமைப்பாளர் செய்ய வேண்டிய கணக்கு எளியது. நான்கு பலகைகளைப் பார்த்து, அவற்றுள் ஒன்று கட்டணப் பணியாக மாறியிருந்தாலே 7,080 ரூபாய் மீண்டிருக்கும். ஒன்றும் மாறாவிட்டாலும், ஃபர்ம்வேர்காரரோடும் கூடு வடிவமைப்பவரோடும் சேர்ந்து மூவராக ஒரு வேலையைக் கேட்கும் நிலைக்கு அவர் வந்திருப்பார். இன்குபேட்டரிலிருக்கும் நிறுவனங்கள் அங்கேயே இருந்துவிடுவதுமில்லை. சென்னை ஐ.ஐ.டி.-யில் தொடங்கிய ஏதர் நிறுவனம் பெங்களூருக்குப் பெயர்ந்து, பின்னர் ஓசூரில் தொழிற்சாலை கண்டதைப் போல, வளர்ந்தவை வெளியேறும். அவற்றின் அறைகளில் அடுத்த அணி வந்து அமரும். அவர்களுக்கு அந்த வடிவமைப்பாளரின் பெயர் தெரிந்திருக்காது. வாயிலில் இருக்கும் காவலருக்கும் திட்ட மேலாளருக்கும் தெரிந்திருக்கும். பலகையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று கேட்கும் புதியவரிடம், புதன்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்வார்கள்.